அளந்த எல்லைக்கு வெளியே

இந்த அத்தியாயத்துக்கு ஏழு எண்கள் போதும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அட்டவணையில், 2 வயது முதல் 5 வயது வரையுள்ள பெண் குழந்தைகளின் நடுமதிப்பு உயரம் ஆறு மாதத்துக்கு ஒன்றாக இப்படி இருக்கிறது:

| வயது (ஆண்டு) | உயரம் (செ.மீ.) |
|---|---|
| 2 | 85.7 |
| 2.5 | 90.7 |
| 3 | 95.1 |
| 3.5 | 99.0 |
| 4 | 102.7 |
| 4.5 | 106.2 |
| 5 | 109.4 |

நடுமதிப்பு என்றால், அந்த வயதுப் பெண் குழந்தைகளில் பாதிப் பேர் அதைவிட உயரம், பாதிப் பேர் அதைவிடக் குட்டை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை குழந்தைகளை அளந்து உருவாக்கிய அட்டவணை இது. மிகக் கவனமாக எடுக்கப்பட்ட தரவு என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இங்கே நாம் பார்க்கப்போகும் தவறுக்கு மோசமான அளவீட்டைக் காரணம் சொல்ல முடியாது.

இந்த ஏழு புள்ளிகளையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் நிற்கும். மீச்சிறு வர்க்க முறையில் கோடு பொருத்தினால் கிடைக்கும் சமன்பாடு:

உயரம் = 70.98 + 7.836 × வயது

அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 7.8 செ.மீ. வளர்ச்சி. இந்தக் கோடு எந்தப் புள்ளியையும் 1 செ.மீ. அளவுக்குக்கூடத் தவறவிடவில்லை. பொருத்தம் எவ்வளவு நன்று என்று சொல்லும் R² மதிப்பு 0.99-ஐத் தாண்டுகிறது. 3 வயது 3 மாதத்தில் உயரம் என்ன என்று கேட்டால் இந்தக் கோட்டிடம் தாராளமாகக் கேட்கலாம். சுமார் 96.4 செ.மீ. என்று சொல்லும்; அந்த விடையை நம்பலாம், ஏனென்றால் அந்த வயதுக்கு இருபுறமும் அளந்த புள்ளிகள் இருக்கின்றன. கல்லூரிப் பாடநூல்கள் இதை இடைச்செருகல் என்கின்றன. அளந்த எல்லையைத் தாண்டி மதிப்பிடுவது புறச்செருகல். கணக்குப் போடும் விதத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அதே சமன்பாட்டில் வேறொரு எண்ணைப் போடுகிறோம், அவ்வளவுதான். இடர் மறைந்திருப்பது இந்த ஒற்றுமையில்தான். எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று கணினி எந்த எச்சரிக்கையும் தராது.

இப்போது கோட்டை நீட்டுவோம். 10 வயதில் 149.3 செ.மீ. வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட, 5 முதல் 19 வயது வரையிலான அட்டவணையில் 10 வயதுச் சிறுமியின் நடுமதிப்பு உயரம் 138.6 செ.மீ. கோடு கிட்டத்தட்ட 11 செ.மீ. கூடுதலாகச் சொல்லிவிட்டது. 19 வயதுக்குப் போனால் கோடு தரும் விடை 219.9 செ.மீ. அட்டவணையில் இருப்பது 163.2 செ.மீ. ஏழடியைத் தாண்டிய பெண்தான் சராசரிப் பெண் என்று கோடு சொல்கிறது. பின்னோக்கிப் போனாலும் இதே கதைதான். பிறந்த அன்று 71 செ.மீ. என்கிறது; உண்மையில் பிறக்கும் பெண் குழந்தையின் நடுமதிப்பு நீளம் 49.1 செ.மீ.

இந்த விடைகளைப் பார்த்தவுடன் தவறு என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் பெண்கள் எவ்வளவு உயரம் இருப்பார்கள் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு புதிய நுண்ணுயிரின் பெருக்கம், ஒரு ஏரியின் வண்டல் படிவு, ஒரு நோயின் பரவல் போன்றவற்றில் அந்த முன்னறிவு நம்மிடம் இருக்காது. அங்கே 219.9 போன்ற ஓர் எண் வந்தால் அதை அப்படியே அறிக்கையில் எழுதிவிடுவோம். விடை தெரிந்த கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது அதற்காகத்தான்.

"நான் ஒற்றை எண்ணைத் தரமாட்டேன், 95 சதவீத மதிப்பீட்டு இடைவெளியோடு தருவேன், அது என்னைக் காப்பாற்றும்" என்று புள்ளியியல் படித்த சிலர் சொல்வார்கள். காப்பாற்றுகிறதா என்று பார்ப்போம். எல்லையின் நடுவில், அதாவது 3.5 வயதில், இந்தக் கோட்டின் மதிப்பீட்டு இடைவெளி இருபுறமும் சுமார் 1.9 செ.மீ. எல்லையை விட்டு விலக விலக அது விரிகிறது. 19 வயதில் இருபுறமும் சுமார் 10.5 செ.மீ. ஆகிறது. ஆகவே கணினி தரும் விடை: 209 முதல் 230 செ.மீ. வரை. உண்மை விடையான 163.2 அந்த இடைவெளிக்குக் கிட்டத்தில்கூட இல்லை. காரணம் எளிது. உறவு நேர்கோடுதான் என்பதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு, அந்தக் கோட்டின் சரிவும் தொடக்கமும் எவ்வளவு பிசகியிருக்கலாம், புள்ளிகள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறலாம் என்பவற்றை மட்டுமே அந்த இடைவெளி அளக்கிறது. கோடே தவறாக இருந்தால் என்ன என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. எல்லைக்கு உள்ளே அந்தக் கேள்வி அவ்வளவாகத் தொந்தரவு தராது, வெளியே அது ஒன்றுதான் கேள்வி.

நேர்கோடு சரியில்லை என்றால் வளைவைப் பொருத்தலாமே என்பது அடுத்த எண்ணம். பொருத்திப் பார்க்கலாம். கீழே உள்ள சிறு நிரல் முதலில் நேர்கோட்டையும் பிறகு இருபடி வளைவையும் பொருத்தி, 3.5, 6, 10, 19 ஆகிய வயதுகளுக்கு உயரம் கேட்கிறது.

```
import numpy as np
age = [2, 2.5, 3, 3.5, 4, 4.5, 5]
ht = [85.7, 90.7, 95.1, 99.0, 102.7, 106.2, 109.4]
for d in (1, 2):
    p = np.polyfit(age, ht, d)
    print(d, np.polyval(p, [3.5, 6, 10, 19]).round(1))
```

நேர்கோட்டின் விடைகள் முறையே 98.4, 118.0, 149.3, 219.9. இருபடி வளைவின் விடைகள் 99.1, 114.5, 122.0, 61.5.

கடைசி எண்ணை மறுபடி பாருங்கள். 19 வயதுப் பெண்ணுக்கு 61.5 செ.மீ. உயரம், நான்கு மாதக் கைக்குழந்தையின் நீளம் அது. இத்தனைக்கும் இந்த வளைவு நேர்கோட்டைவிடச் சிறப்பாகவே பொருந்தியிருக்கிறது. ஏழு புள்ளிகளில் எதையும் அது 0.15 செ.மீ. அளவுக்குக்கூடத் தவறவிடவில்லை. ஆனால் இருபடிச் சமன்பாட்டின் வடிவம் அப்படி: ஏற்றத்தின் வேகம் குறைந்துகொண்டே வந்தால் ஓரிடத்தில் இறங்கியே ஆகவேண்டும். இந்த வளைவு 9 வயது 5 மாதத்தில் 122 செ.மீ. உச்சத்தைத் தொட்டு, பிறகு கீழே வருகிறது. 23 வயதில் உயரம் பூஜ்யம். குழந்தைகளிடம் இல்லாத இந்த இறக்கம் நாம் தேர்ந்தெடுத்த சமன்பாட்டிலிருந்து வந்தது.

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். 2 முதல் 5 வயது வரை நேர்கோடும் வளைவும் ஒன்றோடொன்று 1 செ.மீ. வித்தியாசத்துக்குள் ஒத்துப்போகின்றன. 19 வயதில் அவற்றுக்கிடையே 158 செ.மீ. இடைவெளி. எல்லைக்குள் எதை நம்பலாம் என்று தீர்ப்புச் சொல்ல ஏழு அளவுகள் இருந்தன. வெளியே தீர்ப்புச் சொல்ல எதுவும் இல்லை. அங்கே விடையைத் தீர்மானிப்பது நாம் விரும்பி எடுத்துக்கொண்ட சமன்பாட்டின் வடிவம். ஆகவே "என் மாதிரி நன்றாகப் பொருந்துகிறது" என்ற சான்றிதழ் எல்லைக் கோட்டிலேயே காலாவதி ஆகிவிடுகிறது. இன்னும் நன்றாகப் பொருந்தவேண்டும் என்று முப்படி, நாற்படி என்று ஏற்றிக்கொண்டே போனால் நிலைமை பெரும்பாலும் மோசமாகும். படி கூடக் கூட, எல்லைக்கு வெளியே வளைவு இன்னும் வேகமாக எகிறும் அல்லது சரியும்.

உண்மையில் ஒரு பெண் குழந்தை எப்படி வளர்கிறாள் என்று பார்த்தால், எந்த எளிய சமன்பாடும் ஏன் தோற்கிறது என்பது விளங்கும். முதல் ஆண்டில் மட்டும் நடுமதிப்பு 49.1-இலிருந்து 74.0 செ.மீ. ஆகிறது, ஏறத்தாழ 25 செ.மீ. பிறகு வேகம் குறைந்துகொண்டே வருகிறது. 2 வயதுக்கும் 3 வயதுக்கும் இடையில் 9.4 செ.மீ., 4-க்கும் 5-க்கும் இடையில் 6.7, 7-க்கும் 8-க்கும் இடையில் 5.8. அதன்பின் திசை மாறுகிறது. 10 வயதுக்கும் 11 வயதுக்கும் இடையில் வேகம் 6.4 செ.மீ. ஆகக் கூடுகிறது. பருவ வளர்ச்சியின் துள்ளல் இது. அட்டவணை எல்லாச் சிறுமிகளையும் சேர்த்துச் சொல்வதால் இந்தத் துள்ளல் சிறிதாகத் தெரிகிறது. ஒவ்வொரு சிறுமிக்கும் அது வெவ்வேறு வயதில் வருவதால் ஒன்றையொன்று மழுங்கடித்துவிடுகின்றன. தனி ஒரு சிறுமியை ஆண்டுதோறும் அளந்தால், உச்ச வேகம் ஆண்டுக்குச் சுமார் 8 செ.மீ. வரை போவதைப் பார்க்கலாம். அட்டவணையில் வேகம் 13-க்கும் 14-க்கும் இடையில் 3.4 ஆகக் குறைகிறது. 18-க்கும் 19-க்கும் இடையில் 0.1.

இதற்குப் பின்னால் இருப்பது உடலின் இயக்கம். நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தகடு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பருவத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் வளர்ச்சியைத் தூண்டுகிறது. பிறகு அதுவே இந்தத் தகடுகள் எலும்பாகி மூடிக்கொள்ளவும் காரணமாகிறது. மூடியபின் உயரம் கூடாது. 2 முதல் 5 வயது வரையுள்ள தரவில் ஈஸ்ட்ரோஜனின் இந்த வேலைக்கு ஒரு தடயமும் இல்லை. அது இன்னும் தொடங்கவே இல்லை. எவ்வளவு கூர்மையான புள்ளியியல் முறையாலும் தரவில் இல்லாத ஒரு காரணத்தைத் தரவிலிருந்து எடுக்க முடியாது. புறச்செருகல் தோற்கும்போதெல்லாம் பெரும்பாலும் நடப்பது இதுதான்: அளந்த எல்லைக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு காரணம் வெளியே விழித்துக்கொள்கிறது, அல்லது உள்ளே வேலை செய்த ஒன்று அங்கே நின்றுவிடுகிறது.

விடை தெரியாத கணக்கில் இந்த ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். முதலில் செய்யவேண்டியது, அளவுகளைப் பார்ப்பதோடு நிற்காமல் அவற்றின் வேறுபாடுகளையும் எழுதிப் பார்ப்பது. நம் அட்டவணையில் அரையாண்டு வளர்ச்சி 5.0, 4.4, 3.9, 3.7, 3.5, 3.2 என்று வரிசையாகக் குறைகிறது. நேர்கோடு சரி என்றால் இந்த எண்கள் ஒரே அளவில் இருந்திருக்கவேண்டும். R² 0.99 என்று பெருமை பேசியபோது மறைந்திருந்த செய்தி, ஒரு பென்சிலும் ஆறு கழித்தல்களும் போட்டவுடன் வெளியே வந்துவிட்டது.

அதே செய்தியைப் பிழைகளின் குறியிலும் பார்க்கலாம். அளந்த உயரத்திலிருந்து கோடு சொல்லும் உயரத்தைக் கழித்தால் −0.95, 0.14, 0.62, 0.60, 0.38, −0.04, −0.75 என்று வருகிறது. இரு முனைகளிலும் கழித்தல், நடுவில் கூட்டல். தற்செயலான பிழை என்றால் குறிகள் கலந்துகிடக்கும். இப்படி வில்போல வளைந்து நின்றால், கோட்டின் வடிவம் தவறு என்று பொருள். எல்லைக்குள் அந்தத் தவறு 1 செ.மீ.க்கும் குறைவு என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். நீட்டினால் அது பெருகிக்கொண்டே போகும். குறிப்பாக, கடைசி முனையில் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். −0.04, −0.75 என்று கீழே போவதால், கோடு இனி வரும் வயதுகளுக்கு உண்மையைவிடக் கூடுதலாகவே சொல்லும் என்று 5 வயதில் நின்றுகொண்டே ஊகித்திருக்கலாம்.

நான் மிகவும் நம்பும் சோதனை வேறொன்று. தரவின் கடைசிப் பகுதியை வேண்டுமென்றே மறைத்துவிட்டு, மீதியைக் கொண்டு அதைக் கணிக்கச் சொல்லுங்கள். 2 முதல் 4 வயது வரையுள்ள ஐந்து புள்ளிகளுக்கு மட்டும் கோடு பொருத்தினால் சரிவு 8.46 ஆகிறது, எல்லைக்குள் பிழை எங்கும் 0.5 செ.மீ.யைத் தாண்டவில்லை. அந்தக் கோட்டிடம் 5 வயது உயரத்தைக் கேட்டால் 111.6 செ.மீ. என்கிறது. உண்மை 109.4. ஓர் ஆண்டு தாண்டியவுடன் பிழை நான்கு மடங்குக்கு மேல் போய்விட்டது. இந்தச் சோதனை உங்கள் மாதிரி எவ்வளவு தூரம் வரை தாங்கும் என்பதற்கு ஒரு நேர்மையான அளவைத் தருகிறது. ஒரு குறிப்பு: புள்ளிகளைத் தற்செயலாக அங்கொன்றும் இங்கொன்றுமாக மறைத்தால் இது பலிக்காது. அப்போது மறைத்த புள்ளிக்கு இருபுறமும் தெரிந்த புள்ளிகள் இருக்கும், சோதிப்பது இடைச்செருகலைத்தான். மறைப்பது ஓரத்திலிருந்துதான் இருக்கவேண்டும், நீங்கள் கணிக்கப்போகும் பக்கத்து ஓரத்திலிருந்து.

இந்தச் சோதனைகள் எல்லாம் ஆபத்தைக் காட்டும். 19 வயது உயரத்தைக் கண்டுபிடித்துத் தராது. இருபடி வளைவும் அரையாண்டு வேறுபாடுகளின் சரிவை அழகாகப் பிடித்தது, பிழைகளும் சிறியவை, ஆனாலும் தோற்றது. 19 வயதுக்கு விடை வேண்டும் என்றால் அந்த வயதுக்குப் போனவர்களிடமிருந்துதான் அது வரவேண்டும். குழந்தை மருத்துவர்கள் செய்வது இதைத்தான். அவர்கள் ஒரு குழந்தையின் மூன்றாண்டு உயரத்தைக் கோடாக நீட்டுவதில்லை. அந்த வயதைக் கடந்துபோன ஆயிரக்கணக்கானவர்களின் அளவிலிருந்து வரைந்த வளைவுகளில் இந்தக் குழந்தை எந்த இடத்தில் நிற்கிறாள் என்று பார்க்கிறார்கள். பெற்றோரின் உயரத்தைக் கொண்டும் தோராயமாகச் சொல்வார்கள்: தந்தை உயரம், தாய் உயரம் இரண்டையும் கூட்டி, பெண் குழந்தையானால் 13 செ.மீ. கழித்து, இரண்டால் வகுப்பது. இரண்டு முறைகளுக்கும் அடியில் பெரியவர்களின் உண்மையான அளவுகள் இருக்கின்றன. அதனால் அந்தக் கணிப்பு எல்லைக்கு உள்ளேயே நடக்கிறது.

தரவு சேகரிக்கும் நிலையிலேயே இதற்குத் திட்டமிடலாம். நாம் பயன்படுத்திய அட்டவணை 60 மாதத்தோடு முடிகிறது. ஆனால் அதை உருவாக்கியவர்கள் 71 மாதம் வரையுள்ள குழந்தைகளை அளந்தார்கள். வளைவுகள் ஓரத்தில்தான் தடுமாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே தேவைக்கு மேல் அளந்து, வளைவை வரைந்து, தள்ளாடும் ஓரத்தை வெட்டிவிட்டு உறுதியான பகுதியை மட்டும் வெளியிட்டார்கள். உங்களுக்கு 100 நாள் வரை விடை வேண்டும் என்றால் 100-ஆம் நாளோடு அளவை நிறுத்தாதீர்கள், 120 நாள் வரை அளந்துவையுங்கள்.

எல்லை என்பது வயது மட்டும் அல்ல என்பதையும் கவனிக்கவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளைக் கொண்டு கணிக்கும்போது எல்லை மீறல் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடும். வயதையும் எடையையும் கொண்டு எதையோ கணிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தரவில் வயது 2 முதல் 5 வரை, எடை 11 முதல் 18 கிலோ வரை. 2 வயதில் 18 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை வந்தால்? வயது எல்லைக்குள் இருக்கிறது, எடையும் எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் இரண்டும் சேர்ந்த அப்படியொரு குழந்தை தரவில் இல்லை. பெண் குழந்தைக்கு 18 கிலோ என்பது 5 வயதின் நடுமதிப்பு எடை. 2 வயதில் அது 11.5 கிலோ. ஒவ்வொரு அளவின் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளை மட்டும் சரிபார்த்தால் இது பிடிபடாது. இரண்டையும் ஒரே படத்தில் புள்ளிகளாகப் போட்டு, புதிய புள்ளி கூட்டத்துக்கு நடுவில் விழுகிறதா, வெற்றிடத்தில் விழுகிறதா என்று பார்க்கவேண்டும்.

அளக்கும் முறை மாறுவதும் ஓர் எல்லைதான். இதே அட்டவணையில் 2 வயதுக்குக் கீழே குழந்தையைப் படுக்கவைத்து நீளத்தை அளக்கிறார்கள், அதற்கு மேல் நிற்கவைத்து உயரத்தை அளக்கிறார்கள். 24-ஆம் மாதத்தில் பெண் குழந்தையின் நீளம் 86.4, உயரம் 85.7, ஒரே குழந்தைகள், 0.7 செ.மீ. வித்தியாசம். 2 வயதுக்கு மேலுள்ள தரவைப் பின்னோக்கி நீட்டுபவர் இந்தப் படியைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்.

சில நேரம் எல்லைக்கு வெளியே ஓர் எண்ணைத் தந்தே ஆகவேண்டியிருக்கும். வேறு தரவும் இல்லை, காத்திருக்கவும் நேரமில்லை. அப்போது அருகிலேயே நில்லுங்கள். 6 வயதுக்கு நேர்கோடு 118.0 என்றது, வளைவு 114.5 என்றது, அட்டவணையில் உள்ளது 115.1. ஓர் ஆண்டுத் தூரத்தில் இரண்டு விடைகளும் உண்மையைச் சுற்றியே நிற்கின்றன. இரண்டு விடைகளையும் சேர்த்தே எழுதுங்கள், எது அளந்த எல்லை என்பதையும் அதே வரியில் சொல்லுங்கள்: "2 முதல் 5 வயது வரையுள்ள அளவுகளிலிருந்து 6 வயதுக்கு நீட்டிய மதிப்பீடு, எடுத்துக்கொள்ளும் சமன்பாட்டைப் பொறுத்து 114.5 முதல் 118.0 செ.மீ. வரை." வரைபடத்தில் அளந்த பகுதியை முழுக்கோடாகவும், நீட்டிய பகுதியைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். 10 வயதுக்குக் கேட்டால் அதே வாசகத்தில் 122 முதல் 149 வரை என்று எழுதவேண்டியிருக்கும். அந்த அகலத்தைப் பார்த்தவுடன், இந்தத் தரவிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது படிப்பவருக்கே புரிந்துவிடும்.